பதினான்கு சான்றிதழ்களும் ஒரு கொப்பியும்: புலமைப்பரிசில் கட்டுரைக்கு ஓர் இழையைக் கண்டெடுப்பது

மலையகத்தில் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு கோப்பு கட்டாயம் இருக்கும். லயத்துக் கூரை எந்த இடத்தில் ஒழுகினாலும் அந்தக் கோப்பு இருக்கும் இடம் நனையாது. தமிழ்மொழித் தினப் போட்டி, விளையாட்டுப் போட்டி, சுற்றாடல் முன்னோடி, முதலுதவிப் பயிற்சி, அறநெறிப் பாடசாலை, ஆறு மாதக் கணினி வகுப்பு என்று ஆண்டு ஆண்டாகச் சேர்த்த சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாக இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கும் பல வேலை நேர்முகங்களுக்கும் போகும்போது இணைப்பாடவிதானச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டியிருக்கிறது. கோப்பு தடிப்பாக இருந்தால் நல்லது என்பது அங்கே பெரும்பாலும் உண்மைதான். மறுபுறம், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக உயர்தர இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும்தான் முடிவு சொல்கின்றன. தன்னைப் பற்றி நான்கு வரி எழுதும்படி யாரும் கேட்பதில்லை. ஆகவே நுவரெலியா மாவட்டப் பிள்ளை ஒன்று ‘பேர்சனல் ஸ்டேட்மன்ட்’ என்ற சொல்லை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான். பங்களாதேஷின் சட்டோகிராமில் 2008 முதல் இயங்கும் ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்கா, பிரித்தானியா என்று முயற்சி செய்யும் பிள்ளைகளும் இப்போது ஒருவர் இருவராக வருகிறார்கள்.

வார இறுதிகளில் ஹட்டனில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்கு நான் உதவுகிறேன். வருகிற முதல் பிரதி அநேகமாக எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். கோப்பிலிருக்கும் சான்றிதழ்களை ‘மேலும்’ என்ற சொல்லால் கோர்த்திருப்பார்கள்.

இதில் உள்ள சிக்கலை விளங்கிக்கொள்ள, வாசிப்பவரின் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்தும் ‘கொமன் அப்’ பொது விண்ணப்பத்தில் செயற்பாடுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. அதில் பத்துச் செயற்பாடுகள் வரை போடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துருக்கள்தான் இடம். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். கட்டுரை அதற்குப் புறம்பானது. கூடியது 650 சொற்கள். கட்டுரைக்கு வரும் முன்பே பட்டியல் வாசிப்பவரின் கண்ணில் பட்டிருக்கும். அதையே வாக்கியமாக்கித் திரும்பக் கொடுத்தால் கொடுக்கப்பட்ட இடம் வீணாகிறது. பட்டியலில் தெரியாத ஒன்றை, அதாவது இந்த வேலைகள் ஒரே ஆளிடம் ஏன் வந்து சேர்ந்தன என்பதை, கட்டுரை சொல்ல வேண்டும்.

பிரித்தானியாவின் யூகாஸ் விண்ணப்பம் கொஞ்சம் வேறு. அங்கே இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துருக்கள். 2026 நுழைவு முதல் ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வந்துள்ளன: இந்தப் பாடநெறியை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு அதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். செயற்பாடுகளுக்கு உரிய இடம் மூன்றாவது கேள்வி. அங்கே இழை கட்டாயம் பாடநெறியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கக் கட்டுரையில் ஆளைக் காட்டினால் போதும். இங்கே அந்த ஆள் அந்தப் பாடத்துக்கு ஏன் என்று காட்ட வேண்டும். ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கும் அனுப்புவது சரிவராது.

ஒரு மாணவியின் கதையை எடுத்துக்கொள்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோர்வூட் பக்கத்துத் தோட்டம். உயர்தரம் முடித்தவர். பொதுச் சுகாதாரம் படிக்க 500 சொல் கட்டுரை எழுத வேண்டும். அவர் கொண்டு வந்த பட்டியலில் பதினான்கு விடயங்கள் இருந்தன. மாணவத் தலைவி, வலைப்பந்து அணி, வலய மட்டப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம், சாரணியம், பரதநாட்டியம், கவிதைப் போட்டி, சுற்றாடல் முன்னோடி, சிரமதானம், கணினி வகுப்பு, சிங்கள வகுப்பு, முதலுதவிப் பயிற்சி, தோட்டச் சிறுவர் கழகச் செயலாளர், அறநெறிப் பாடசாலையில் உதவி ஆசிரியை, நூலகப் பொறுப்பு.

அவருடைய முதல் பிரதியின் நடுப்பகுதி தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

“நான் பாடசாலையின் மாணவத் தலைவியாகக் கடமையாற்றினேன். மேலும் வலைப்பந்து அணியிலும் சாரணியத்திலும் பங்குபற்றினேன். மேலும் சிங்களம், கணினி, முதலுதவி ஆகிய பயிற்சிகளைப் பெற்றேன். இவை எனக்குத் தலைமைத்துவத்தையும் கூட்டுழைப்பையும் நேர முகாமைத்துவத்தையும் கற்றுத் தந்தன.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டு வகுப்பிலிருக்கும் இன்னொரு பிள்ளையின் பெயரைப் போட்டாலும் பந்தி அப்படியே பொருந்தும். அந்த ஒரு சோதனையே போதும், எழுதியது இன்னும் பட்டியலாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

நான் முதலில் செய்யச் சொல்வது பட்டியலைக் குறைப்பதை அல்ல, கூட்டுவதை. சான்றிதழ் இல்லாத வேலைகளையும் எழுதச் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள். தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, தாத்தாவின் சேமலாப நிதிக் கடிதத்தை வாசித்துச் சொல்வது, தேர்த் திருவிழாக் கணக்கு எழுதுவது எல்லாம் ‘செயற்பாடு’ என்று அவர்களுக்குத் தோன்றாது. கொமன் அப் பட்டியலில் குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு வகையே இருக்கிறது, சம்பளத்துக்குச் செய்த வேலைக்கும் ஒரு வகை இருக்கிறது என்று சொன்னால் வியப்பார்கள்.

இந்த மாணவியிடம், போன மாதம் பாடசாலைக்கு வெளியே எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டேன். “கிளினிக்குக்குத்தான் சேர். அப்பாயியோட. பக்கத்து லயத்து ஆக்களும் வருவாங்க,” என்றார். அம்மா கொழுந்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். அதனால் பத்தாம் ஆண்டிலிருந்து அப்பாயியை மாதாந்தக் கிளினிக்குக்கு அழைத்துப் போனது இவர்தான். போகப் போக அதே லயத்தைச் சேர்ந்த இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரஷர், சீனி வருத்தம். மருந்து உறையில் எழுதியிருப்பது சிங்களத்திலோ ஆங்கிலச் சுருக்கத்திலோ இருக்கும். இவர் கேட்டு வந்து சொல்வார். இந்த ஐந்து பேரின் மருந்து நேரங்களையும் ஒரு கொப்பியில் சூரியன், நிலா படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பி பதினான்கிலும் இல்லை.

அடுத்த படி, ஒவ்வொரு விடயத்துக்கும் எதிரே பதவியின் பெயரை எடுத்துவிட்டு வினைச்சொல்லை எழுதுவது. ‘அறநெறி ஆசிரியை’ என்பது பெயர். ‘சிறுவருக்குக் கதை சொல்லி, அவர்களைத் திரும்பச் சொல்ல வைப்பேன்’ என்பது வினை. ‘சிறுவர் கழகச் செயலாளர்’ என்பது பெயர். ‘கூட்டத்தில் பேசியதை எழுதி, வராதவர்களின் வீட்டில் போய்ச் சொல்வேன்’ என்பது வினை. மாணவத் தலைவிக்கு எதிரே அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘பிந்தி வருகிறவர்களின் பெயர் எழுதுவேன்’ என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அது முக்கியமான பதில். பெரிய பெயரின் கீழே சிறிய வேலை இருக்கலாம். பெயரே இல்லாத இடத்தில் பெரிய வேலை இருக்கலாம்.

பிறகு இரண்டு இரண்டாக எடுத்து, நடுவில் எந்தச் சொல் வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘மேலும்’ மட்டும்தான் வருகிறதென்றால் அவை பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, அவ்வளவுதான். ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ வந்தால் அங்கே இழை இருக்கிறது. வலைப்பந்துக்கும் சிங்கள வகுப்புக்கும் நடுவில் ‘மேலும்’ தவிர வேறொன்றும் வரவில்லை. கிளினிக்குக்கும் சிங்கள வகுப்புக்கும் நடுவில் ‘அதனால்’ வந்தது. மருந்து உறையை வாசிக்கத் தெரியாததால்தான் சாதாரண தரம் எழுதிய கையோடு அவர் அந்த வகுப்பில் சேர்ந்தார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு ‘வேலைக்கு உதவும்’ என்றே சொல்லியிருக்கிறார்.

‘ஆனால்’ வந்த இடம் இன்னும் பயனுள்ளது. சிங்களம் ஓரளவு பிடிபட்ட பிறகு சரியாகத்தான் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆனால் பக்கத்து லயத்துப் பெண்ணொருவர் இரவுக்குரிய மாத்திரையைக் காலையிலும் சேர்த்து எடுத்து, தலைசுற்றிப் படுத்துவிட்டார். கேட்டபோது “நீ சொன்னது விளங்கினிச்சு புள்ள” என்றே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கொப்பி வந்தது. அதற்குப் பிறகுதான், சொன்னதைத் திரும்பத் தன்னிடம் சொல்லும்படி ஒவ்வொருவரையும் கேட்கும் பழக்கமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பிள்ளைகளிடம் செய்வதையே கிளினிக் பெண்களிடமும் செய்ய ஆரம்பித்தார். முதலுதவிப் பயிற்சியை முடித்து வந்து லயத்துச் சிறுவருக்குக் காட்டிக் கொடுத்தபோதும் அதையே செய்தார்.

மருத்துவத் தொடர்பாடலில் இது அறியப்பட்ட ஒரு முறை. ஆங்கிலத்தில் ‘டீச் பேக்’ என்பார்கள். ‘விளங்கியதா?’ என்று கேட்டால் நோயாளி ஆமென்றுதான் சொல்வார். ஆகவே வீட்டுக்குப் போய் எப்படி எடுப்பீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. மாணவிக்கு இந்தப் பெயர் தெரியாது. கட்டுரையில் இதைப் போடலாமா என்று கேட்டார். முதலில் தேடி வாசியுங்கள், வாசித்த பிறகு உங்களுடைய முறையிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று ஒரு வரி எழுத முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். கடன் வாங்கிய சொல் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

ஆக, இழை கிடைத்துவிட்டது: சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. கவனியுங்கள், இது ‘தலைமைத்துவம்’ போல, ‘சமூக சேவை’ போல ஒரு பெரிய பெயர்ச்சொல் அல்ல. ஒரு ஆள் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு சின்னச் செயல். கருப்பொருள் என்றவுடன் பிள்ளைகள் பெரிய சொல்லைத் தேடி ஓடுகிறார்கள். பெரிய சொல் எல்லாவற்றையும் மூடும். அதனால்தான் அது எதையும் காட்டாது.

பதினான்கில் கட்டுரைக்குள் வந்தவை மூன்று: சிங்கள வகுப்பு, முதலுதவி, அறநெறி. இவற்றோடு பட்டியலில் இல்லாத கிளினிக். மற்றவை விண்ணப்பத்தின் செயற்பாட்டுப் பகுதிக்குப் போயின. அங்கே அவை தங்கள் வேலையைச் செய்யும். வலைப்பந்தை விடுவதற்கு அவருக்கு மனமில்லை, நான்கு ஆண்டு விளையாடியவர். ‘வலைப்பந்தில் கற்ற கூட்டுழைப்பு பொதுச் சுகாதாரத்துக்குத் தேவை’ என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார். பிசின் போட்டு ஒட்டிய வரி அது. இப்படிப்பட்ட ஒரு வரி இருந்தால் வாசிப்பவர் மற்ற இணைப்புகளையும் சந்தேகிக்கத் தொடங்குவார். எடுத்துவிட்டோம்.

500 சொற்களை ஏறத்தாழ இப்படிப் பிரித்தோம். கிளினிக்கும் அந்த மாத்திரைத் தவறும் 120. சிங்களம் படித்தது 80. கொப்பியும் திரும்பச் சொல்ல வைப்பதும் 120. முதலுதவியும் அறநெறிப் பிள்ளைகளும் 60. மிச்சம் 120 சொல், இந்தப் பாடநெறி ஏன் என்பதற்கு. கடைசிப் பகுதியைப் பலர் நன்றி நவிலலாக முடித்துவிடுவார்கள். இவர் தனக்குத் தெரியாததை எழுதினார்: ஐந்து பேருக்கு ஒரு கொப்பி போதும், ஒரு முழுத் தோட்டப் பிரிவுக்கு என்ன செய்வது? படம் பார்த்து மருந்து எடுப்பவர்கள் உண்மையிலேயே தவறு குறைவாகச் செய்கிறார்களா என்பதை எப்படி அளப்பது? பாடநெறி தேவைப்படுவது இந்தக் கேள்விகளுக்குத்தான்.

நடுப்பகுதியின் இறுதி வடிவம் இது:

“நான் சரியாக மொழிபெயர்த்தேன். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண் இரவு மாத்திரையைக் காலையிலும் எடுத்தார். அன்று மாலை ஒரு கொப்பியில் சூரியனும் நிலாவும் வரைந்து, ஒவ்வொரு மாத்திரையையும் அதனதன் கீழே எழுதினேன். அடுத்த கிளினிக்கிலிருந்து, நான் சொன்னதை அவர்கள் எனக்குத் திரும்பச் சொல்லும்வரை பஸ் ஏறமாட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கதையைத் திரும்பக் கேட்பதும் இப்படித்தான். பெரியவர்கள் பிள்ளைகளைவிட விரைவாக ‘விளங்கியது’ என்று சொல்லிவிடுகிறார்கள்.”

கடைசி வாக்கியம் முழுக்க அவருடையது. அதை நான் தொடவில்லை.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய இரண்டாவது பிரதியில் பாதிப் பக்கம் அம்மாவைப் பற்றியது. அட்டை கடித்த கால், வெடித்த கை, மழையில் கொழுந்துக் கூடை. வெளிநாட்டுக்காரர் இதைத்தான் எதிர்பார்ப்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. அந்தப் பாதிப் பக்கத்தை வாசித்தால் அம்மாவைத் தெரிகிறது, விண்ணப்பிக்கும் மகளைத் தெரியவில்லை. வறுமை ஒரு நிலைமை. இழை என்பது அந்த நிலைமைக்குள் நின்று ஒருவர் என்ன செய்தார் என்பது. மேலும், தன்னிடம் கேட்காமல் தன் காலையும் கையையும் யாரோ முன்பின் தெரியாதவருக்குக் காட்டுவதை அந்த அம்மா விரும்புவாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இறுதிப் பிரதியில் அம்மா ஒரே வாக்கியத்தில் வருகிறார்: ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய சம்பளம் இல்லை, அதனால் கிளினிக்குக்கு நான் போனேன். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி வாசிப்பவருக்குத் தேவையானதெல்லாம் அந்த ‘அதனால்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு மாற்றும்போது சில சொற்களில் கவனம் வேண்டும். நாங்கள் சாதாரணமாக ‘எஸ்டேட்’ என்று எழுதிவிடுவோம். பிரித்தானிய வாசகருக்கு அது பெரிய பண்ணையாரின் நிலமாகவோ அரசாங்க வீட்டுத் தொகுதியாகவோ தோன்றலாம். ‘டீ பிளான்டேஷன்’ என்று முதல் முறையே தெளிவாக எழுதுவது நல்லது. ‘லைன் ரூம்’ என்பதை ஒரு தடவை அரை வரியில் விளக்கினால் போதும். ‘பிரிஃபெக்ட்’ என்பது அமெரிக்கருக்கு அவ்வளவு பழக்கமில்லாத சொல். ‘சோனல் லெவல்’ என்றால் எத்தனை பாடசாலைகளுக்குள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை தெரிந்தால் அதை எழுத வேண்டும்.

எல்லாருக்கும் இவ்வளவு நேராக ஓர் இழை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கணினி விஞ்ஞானத்துக்கு விண்ணப்பித்த ஒரு மாணவர் வந்தார். தப்பு அடிப்பார், கரப்பந்து விளையாடுவார், பழுதான கைத்தொலைபேசிகளைத் திறந்து திருத்துவார். மூன்றையும் இணைக்க இரண்டு வாரம் முயன்று, ‘தாளம்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து வந்தார். தப்பில் தாளம், பந்தில் தாளம், நிரலிலும் தாளம். கேட்க அழகாக இருந்தது. ஆனால் தொலைபேசி திருத்தும்போது தாளத்தை எங்கே உணர்ந்தீர்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அவருக்கு நாங்கள் செய்தது எளிது. திருத்த முடியாமல் போன ஒரு தொலைபேசியில் தொடங்கி, பழுதை ஒவ்வொரு பகுதியாக விலக்கி விலக்கித் தேடும் முறையை மட்டும் எழுதினோம். தப்பு பட்டியலில் இருந்தது, 150 எழுத்துருக்களுக்குள், எந்தத் திருவிழாக்களில், எத்தனை ஆண்டு என்ற விவரத்தோடு. எல்லாவற்றையும் இணைத்தாக வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. இருப்பதில் இரண்டு மூன்று உண்மையாக இணைந்தால் போதும்.

கட்டுரை முடிந்த பிறகு, ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து மூன்று அடுக்குக் கேள்வி கேட்டுப் பார்ப்பேன். எத்தனை பேர்? அவர்களில் யார் திரும்பத் தவறாகச் சொன்னார்? அப்போது என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கும் நேரடியாகப் பதில் வந்தால் அந்த வாக்கியம் நிற்கும். இரண்டாவதில் ‘பொதுவாக’ என்று பதில் தொடங்கினால் வாக்கியம் ஊதப்பட்டிருக்கிறது. மாணவியின் பிரதியில் ‘எங்கள் தோட்டத்தில் பலருக்கு உதவினேன்’ என்று இருந்த வரி இப்படித்தான் ‘ஐந்து பெண்களுக்கு’ என்று மாறியது. அவருக்கு அது சின்ன எண்ணாகத் தெரிந்தது. எனக்கு அது நம்பக்கூடிய எண்ணாகத் தெரிந்தது.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஆசிரியரிடம் போவது. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்குக் கிளினிக் பற்றி எதுவும் தெரியாது. அவர் மாணவத் தலைவி, வலைப்பந்து என்றே எழுதுவார். கட்டுரை ஒரு பக்கமும் கடிதம் இன்னொரு பக்கமுமாக இழுத்தால் வாசிப்பவர் குழம்புவார். கட்டுரையின் பிரதியையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆசிரியையைச் சந்திக்கச் சொன்னேன். ஆசிரியை கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பில் குறிப்புச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் இந்தப் பிள்ளைக்கு எப்போதும் இருந்தது என்று தன் கடிதத்தில் தானாகவே சேர்த்திருந்தார்.